புகைப்படம் எடுத்த அச்சுப் பக்கத்தைத் தட்டச்சு செய்யும்போது வரிகளை அப்படியே விடுவதா, பத்தியாகச் சேர்ப்பதா?

நூலடுக்கு (கேள்வி):
பழைய உரைநடை நூல் ஒன்றின் 240 பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்து, எழுத்துணரி வழியாக உரையாக மாற்றி வைத்திருக்கிறேன். அச்சில் வரி எங்கே முடிகிறதோ அங்கேயே என் உரையிலும் வரி முடிகிறது. திரையில் படிக்க அது வசதியாக இல்லாததால், வரி முறிவுகளை எல்லாம் இடைவெளியாக மாற்றிப் பத்திகளாக்கிப் பார்த்தேன். இப்போது பாதிச் சொற்கள் உடைந்து கிடக்கின்றன. கீழே இருப்பது மாற்றுவதற்கு முந்தைய வடிவம்:

```
பேசிக்கொண்டே இருவரும் தோட்டத்துக்குச் சென்
றார்கள். மரத்தடியில் கிடந்த பழைய பல
கை ஒன்றில் அமர்ந்து சற்றே இளைப்பாறிக்
கொண்டார்கள். வரவேண்டிய பெருந்
தொகையைப் பற்றிய பேச்சு மறுபடி எழுந்தது.
```

மாற்றிய பிறகு "சென் றார்கள்", "பல கை" என்று ஆகிவிட்டது. "சென்றார்கள்" என்று தேடினால் இந்த இடம் அகப்படுவதில்லை. எழுத்துப் பிழைதிருத்தியோ "பல", "கை" இரண்டையும் சரியான சொற்கள் என்று விட்டுவிடுகிறது. வரிகளை அப்படியே வைத்துக்கொள்வதா, அல்லது பத்தியாக்கச் சரியான வழி ஏதேனும் உண்டா?

விரைவுத்தட்டு:
வரி முறிவு என்பது அச்சுக்கோத்தவர் பக்க அகலத்துக்காகச் செய்தது. அதற்கும் ஆசிரியருக்கும் தொடர்பில்லை. ஆகவே தயங்காமல் பத்தியாக்கிவிடுங்கள். உடைந்த சொற்களைக் கண்டுபிடிப்பதும் எளிது: ந், ங், ற் போன்ற எழுத்துகளில் தமிழ்ச் சொல் முடிவதில்லை. ஒரு வரி அவற்றில் முடிந்தால் அடுத்த வரியோடு இடைவெளியின்றி ஒட்டிவிடலாம்.

பழைய அச்சு:
நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி. விதியை மட்டும் அப்படியே ஏற்க முடியாது. கேள்வியில் உள்ள நான்காம் வரியையே பாருங்கள். "பெருந்" என்று முடிகிறது. பழைய நூல்களில் "பெருந் தொகை", "வருங் காலம்", "பொற் குடம்" என்று சந்தியில் திரிந்த மெய்யை முதற்சொல்லோடு நிறுத்தி, இடைவெளி விட்டு அச்சிடும் வழக்கம் பரவலாக உண்டு. உங்கள் நூலும் அப்படிப்பட்டதானால், அங்கே ஒட்டுவது நூலில் இல்லாத எழுத்துமுறையைப் புகுத்துவதாகும்.

வரியின் முடிவை விட அடுத்த வரியின் தொடக்கமே நம்பத்தக்க சான்று. ற, ன, ண, ள, ழ ஆகிய எழுத்துகளில் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை; ஆகையால் "றார்கள்" என்று தொடங்கும் வரி முந்தைய வரியின் தொடர்ச்சிதான். இவற்றை மட்டும் இயந்திரமாக ஒட்டலாம். வரி இறுதியில் உள்ள வெற்றிடங்களை நீக்கிவிட்டு, கீழ்க்கண்டதைத் தேடி, பதிலீட்டுப் பெட்டியை வெறுமையாக விடுங்கள்:

```
\n(?=[றனணளழ])
```

(இலக்கண நூலாக இருந்தால் இதையும் செய்யாதீர்கள். "றகரம்", "னகரம்" என்று தொடங்கும் வரிகள் அங்கே வரும். ஒருமுறை நானே அகப்பட்டுக்கொண்டேன்.)

"பல / கை" போன்றவற்றைக் கண்ணால்தான் தீர்க்க வேண்டும். ஆங்கில அச்சில் உடைந்த சொல்லின் முதற்பாதியோடு சிறு கோடு இருக்கும். நம் பழைய அச்சில் பெரும்பாலும் அதுவும் இல்லாததால், உடைந்த சொல்லும் முடிந்த சொல்லும் வரியின் ஓரத்தில் ஒரே மாதிரித் தெரியும். எனவே என் அறிவுரை, மெய்ப்பு முடியும்வரை வரிகளைக் கலைக்க வேண்டாம் என்பதே. வரி வரியாக இருக்கும்போது படத்தையும் உரையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்; படத்தில் 28 வரிகளும் உரையில் 27 வரிகளும் இருந்தால், எழுத்துணரி ஒரு வரியை விழுங்கிவிட்டது என்று எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும். பத்தியாக்கிய பிறகு அந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது.

மெய்ப்பு பார்க்கும்போதே, சொல் நடுவில் உடைந்த ஒவ்வொரு வரியின் இறுதியிலும், நூலில் எங்கும் வராத ¬ போன்ற ஒரு குறியை இட்டுச் செல்லுங்கள். புதிய பத்தி தொடங்கும் இடத்தில் ஒரு வெற்று வரி விடுங்கள். அச்சில் பத்தியின் முதல் வரி உள்ளடங்கித் தொடங்கும். எழுத்துணரி அதைப் பெரும்பாலும் தக்கவைப்பதில்லை. முந்தைய பத்தியின் கடைசி வரி ஓரம்வரை நிறைந்துவிட்டால் படத்தைப் பார்த்தால்தான் எல்லை தெரியும். பக்கத்தின் முதல் வரிக்கும் இதே சோதனை தேவை. எல்லாம் முடிந்ததும், இந்த வரிசை மாறாமல், முதல் தேடலின் விடையை வெறுமையாகவும் இரண்டாவதன் விடையை ஓர் இடைவெளியாகவும் மாற்றுங்கள்:

```
¬\n
(?<!\n)\n(?!\n)
```

செய்யுள் வாசகர்:
நானும் இதே வேலையில் இருக்கிறேன், ஆனால் என்னுடையது செய்யுள் நூல். மேலே சொன்னபடி ஒட்டினேன். பாட்டெல்லாம் உரைநடை போல் ஆகிவிட்டது.

பழைய அச்சு:
ஐயா, கேள்வி உரைநடையைப் பற்றியது. செய்யுளில் அடி ஆசிரியருடையது, அதைத் தொடக்கூடாது. சீர் பிரித்து அச்சிட்ட நூல்களில் "ளென்றான்" போன்ற துண்டு தனியே நிற்பதும் முறைதான். அதனால் முதல் தேடல்கூட உங்களுக்கு ஆகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நீண்ட அடி பக்க அகலத்தில் கொள்ளாமல் கீழே மடங்கி, உள்ளடங்கி நிற்கும். அந்த முறிவு மட்டும் அச்சுக்கோத்தவருடையது; அதை மேலே சேர்த்துவிடலாம்.

விரைவுத்தட்டு:
"பெருந் தொகை"யை நான் நினைத்துப் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கொடுத்த கடைசித் தேடலை என் கோப்பில் ஓட்டியபோது நூல் முழுவதும் ஒரே பத்தியாகிவிட்டதே!

பழைய அச்சு:
உங்கள் கோப்பில் வரி முடிவு \r\n என்று இருக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு \n-க்கு முன்னும் \r நிற்பதால், வெற்று வரியும் சாதாரண வரி முறிவாகக் கணக்கிடப்படுகிறது. முதலில் \r\n அனைத்தையும் \n ஆக மாற்றிவிட்டு, பழைய படியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். வரிகளோடு உள்ள கோப்பை அழிக்கவே கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதிலிருந்து பத்தியை எப்போதும் உருவாக்கலாம். பத்தியிலிருந்து வரிகளை மீட்க முடியாது.

நூலடுக்கு:
பழைய அச்சு ஐயாவுக்கு நன்றி. முதல் 12 பக்கங்களை நீங்கள் சொன்னவாறே பார்த்தேன். ஏழாம் பக்கத்தில் எழுத்துணரி விட்டுவிட்ட ஒரு வரி அகப்பட்டது. "பெருந் தொகை" வேறொரு பக்கத்தில் வரியின் நடுவில் இடைவெளியோடுதான் இருக்கிறது, ஆகவே ஒட்டவில்லை. ஆனால் "இளைப்பாறிக் / கொண்டார்கள்" என்பதில் முடிவுக்கு வர இயலவில்லை. முதல் வரியில் "பேசிக்கொண்டே" சேர்ந்து வருகிறது. மூன்றாம் பக்கத்திலோ "எடுத்துக் கொண்டு" என்று வரியின் நடுவிலேயே பிரிந்து வருகிறது. இரண்டும் நூலில் உள்ளவை. எதைப் பின்பற்றுவது?

பழைய அச்சு:
வரி நடுவில் வரும் இடங்களை எண்ணிப் பார்த்து, மிகுதியாக உள்ள வடிவத்தைக் கொள்வது என் வழக்கம். நூலே இரு விதமாக எழுதும்போது அதுவும் ஊகம்தான். அத்தகைய இடங்களில் ¬ இடாமல் வேறொரு குறியை, எடுத்துக்காட்டாக ¤ என்பதை இட்டுவையுங்கள். பின்னால் தனியே தேடி எடுக்கலாம்.

விரைவுத்தட்டு:
பிரித்தே எழுதலாம் என்பது என் கருத்து. "கொண்டார்கள்" என்று தேடுபவருக்காவது அகப்படும்.

பழைய அச்சு:
"இளைப்பாறிக்கொண்டார்கள்" என்று தேடுபவருக்கு அகப்படாதே.