ஆயிரம் சொல்லுக்குள் 1908: வெட்டினது எது, விட்டது எது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

பாளை மாணவி

எம்.ஏ. வரலாறு. கேள்வி இதுதான்: "1908 மார்ச் திருநெல்வேலி எழுச்சிக்கு வ.உ.சி.யின் கைது மட்டுமே காரணமா?" வரம்பு ஆயிரம் சொல். நான் கொடுத்தது ஆயிரத்து அறுநூறைத் தாண்டிடுச்சு. எங்க மேடம் எண்ணிப் பார்த்து, ஆயிரமாவது சொல்லுக்கு அடியில சிவப்பு மையில குறுக்கே ஒரு கோடு போட்டு, "இதுக்குக் கீழ நான் படிக்கல"ன்னு எழுதிட்டாங்க. கோடு விழுந்த இடம் மார்ச் 12, வ.உ.சி.யும் சிவாவும் கைதாகிற வரி. வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம், 1906ல சுதேசிக் கப்பல் கம்பெனி, அதோட காலியா, லாவோ கப்பல், கோரல் மில் வேலைநிறுத்தம் எல்லாம் கோட்டுக்கு மேல. மார்ச் 13 எழுச்சியும், ஏன் அப்படி வெடிச்சுதுன்னு நான் சொன்ன ரெண்டு பக்கமும் கோட்டுக்குக் கீழ. திருத்தி எழுத ஒரு வாய்ப்பு கொடுத்திருக்காங்க. உங்களுக்கு இப்படி நடந்திருக்கா? எதை வெட்டினீங்க?

டவுன் மாரியப்பன்

எனக்கும் நடந்திருக்கு தங்கச்சி. நான் முதல்ல அடைமொழிகளை எல்லாம் தூக்கினேன். "மாபெரும்", "வீரம் செறிந்த" இதெல்லாம் வரலாற்றுக் கட்டுரைக்கு வேண்டாம். அடுத்து தேதிகளை மொத்தமா எடுத்துட்டேன். தேதி இருந்தா கதை தானா வந்து ஒட்டிக்கும். அப்புறம், கணினி இடைவெளியை வச்சுத்தான் சொல்லை எண்ணுது. "எழுதி இருந்தார்"னா ரெண்டு, "எழுதியிருந்தார்"னா ஒண்ணு. சேர்த்து எழுதினாலே நிறைய மிச்சமாகும். இலக்கணப்படியும் அதுதான் சரி. வரம்புக்குள்ள வந்துட்டேன். மார்க் மட்டும் ஏன் ஏறலைன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல.

சங்கரன்கோவில் சேது

நான் சிவில் சர்வீஸ் மெயின்ஸுக்குப் படிச்சவன். அங்க 10 மதிப்பெண் கேள்விக்கு 150 சொல், 15க்கு 250. மூணு மணி நேரத்துல இருபது கேள்வி. ஒரு மாதிரித் தேர்வுல பாளையக்காரர் எதிர்ப்பு ஏன் தோத்துதுன்னு கேட்டாங்க. 1799 அக்டோபர் 16, கயத்தாறு, புளியமரம், கட்டபொம்மன் தூக்கு மேடைக்கு நடந்து போனதுன்னு உருகி எழுதினேன். திருத்தினவர் ஓரத்துல, "இது நடந்தது. ஏன் நடந்தது?"ன்னு மட்டும் எழுதியிருந்தார். அந்த ரெண்டு வரி இன்னும் கண்ணுல நிக்குது.

உங்க விஷயத்துல எனக்கு ஒண்ணு தோணுது. மீதியைப் படிக்காமலே மார்க் போட்டது நியாயம் இல்ல. துறைத் தலைவர்கிட்ட எழுத்து மூலமா முறையிடுங்க. வரம்பைத் தாண்டினா எவ்வளவு குறைப்பாங்கன்னு முன்கூட்டியே அறிவிச்சிருந்தாங்களான்னு கேளுங்க. நகல் ஒண்ணு வச்சுக்கிடுங்க. கேட்டா என்ன ஆயிரும்?

பாளை மாணவி

அண்ணாச்சி, முறையிடுறதுக்கு நான் கேக்கல. மேடம் செஞ்சது சரிதான். எதை வெட்டுறதுன்னுதான் கேக்கேன். கோரல் மில் பத்தியை அப்படியே போடுதேன், பாத்துச் சொல்லுங்க:

"1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களிடையே பேசினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். ஊர் மக்கள் ஆதரவு கொடுத்தார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 9 அன்று வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடினார்கள். மார்ச் 12 அன்று தலைவர்கள் கைதானார்கள். தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள்."

வண்ணாரப்பேட்டை வாத்தியார்

ஏம்மா, உன் பத்தியிலேயே வாதம் இருக்கு. அஞ்சாவது வாக்கியத்தையும் எட்டாவதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. கேட்டது கிடைச்சிருச்சு. அப்புறமும் வேலையை நிறுத்துதான். எதுக்கு? உன் கேள்விக்கான பதில் அந்த இடத்துலதான் இருக்கு. நீ அதை நாள்குறிப்பு மாதிரி எழுதிட்டுக் கடந்து போயிட்டே. நானா இருந்தா இப்படி எழுதுவேன்:

"கூலிப் பிரச்சினை மார்ச் முதல் வாரத்திலேயே தொழிலாளருக்குச் சாதகமாகத் தீர்ந்துவிட்டது. அப்படியிருந்தும் மார்ச் 12 கைதை எதிர்த்து அதே தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். ஆகவே கூலியை மட்டும் கொண்டு அவர்கள் கோபத்தை விளக்க முடியாது. ஆனால் அந்தப் போராட்டம் வளர்த்த ஒற்றுமை இல்லாமல் கைது இவ்வளவு பெரிய எதிர்ப்பைக் கிளப்பியிருக்காது."

எட்டு வாக்கியம் நாலாயிருச்சு. பாலின் விடுதலை விழா போச்சு, ஏன்னா அது இல்லாமலும் இந்தப் பத்தியின் வாதம் நிக்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் விரலால மறைச்சுப் பாரு. அடுத்த "ஆகவே" சாயலைன்னா அந்த வாக்கியத்தை எடுத்திரு. ஒட்டப்பிடாரம் அப்படித்தான் போகும். காலியாவும் லாவோவும் பெயரா வேண்டாம். ஆனா பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி சுதேசிக் கம்பெனியை விழத்தட்ட கட்டணத்தைக் குறைச்சது ஒரே வரியில இருக்கணும். வியாபாரிகளுக்கு ஏன் மனசு கொதிச்சுதுங்கறதுக்கு அதுதான் சாட்சி.

இன்னொண்ணு. பத்திகளோட முதல் வாக்கியங்களை மட்டும் வரிசையா ஒரு தாள்ல எழுது. "1906ல", "1908 பிப்ரவரியில", "அதன் பிறகு"ன்னு வந்தா நீ கதை சொல்லிட்டிருக்கேன்னு அர்த்தம். அந்தத் தாளை மட்டும் படிச்சாலே உன் பதில் என்னன்னு தெரியணும்.

மாரியப்பன், நீங்க சொன்னது பாதி சரி. அடைமொழி போகட்டும். தேதியை மொத்தமா எடுத்தா இந்தப் பத்தி செத்துப்போகும். "மார்ச் முதல் வாரம்", "மார்ச் 12" ரெண்டும் இல்லாம எது முன்னால எது பின்னாலன்னு தெரியாது. இங்க அந்த வரிசைதான் ஆதாரம். சொல்லைச் சேர்த்து எழுதுங்க, நல்லதுதான். ஆனா அதுல எண்ணிக்கைதான் குறையும், கதை அப்படியே இருக்கும். உங்க மார்க் ஏறாததுக்கு அதுதான் காரணமா இருக்கும்.

டவுன் மாரியப்பன்

சரி சார், தேதியை ஒத்துக்கிடுதேன். ஆனா வெளி மாநிலத்துல இருந்து வர்ற தேர்வாளருக்குக் கோரல் மில்லுன்னா என்னன்னே தெரியாது. கதையை வெட்டிட்டா அவருக்கு "அதே தொழிலாளர்கள்"னு சொன்னா என்ன விளங்கும்?

வண்ணாரப்பேட்டை வாத்தியார்

"தூத்துக்குடி கோரல் மில் என்ற பருத்தி ஆலை"ன்னு ஒரு அடை போதும். அறிமுகத்துக்குத் தனி வாக்கியம் வேண்டாம்.

தாமிரபரணி ஜெனிபா

நான் ஆவணக் காப்பகத்துல வேலை பாக்கேன். வாத்தியார் எழுதின கடைசிப் பாதி எனக்கு இடிக்குது. கோரல் மில் இருக்கது தூத்துக்குடியில. மார்ச் 13ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டுல நாலு பேர் செத்தது திருநெல்வேலியில. ஆலைத் தொழிலாளி மறுபடி வேலையை நிறுத்தினான்னு சொல்லி, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி நடந்ததை எப்படி விளக்க முடியும்? "கிளப்பியிருக்காது"ங்கறது அனுமானம், சாட்சி இல்ல. கதையை வெட்டுன வேகத்துல இடத்தையும் வெட்டிட்டீங்க. திருநெல்வேலியில கூட்டம் எதைத் தாக்குச்சுன்னு பாருங்க: நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம். எல்லாம் அரசாங்கத்தோட அடையாளம். மிச்சமாகிற சொல்லை அங்க செலவு பண்ணணும்.

வண்ணாரப்பேட்டை வாத்தியார்

இடம் பத்தி நீங்க சொல்றது சரி. "தூத்துக்குடியில்"னு ஒரு சொல் சேர்த்தாகணும். ஆனா ரெண்டு ஊரையும் பிரிச்சுப் பாக்க நான் இன்னும் தயார் இல்ல. ரெண்டு ஊர் ஆட்களும் ஒரே மேடைப் பேச்சைக் கேட்டவங்கதான்.

தாமிரபரணி ஜெனிபா

கேட்டவன் எல்லாம் கல்லெடுத்தானா சார்? அந்த இணைப்புக்கும் சாட்சி வேணும்.

பாளை மாணவி

முதல் வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன் சார். ஏழு பத்தியில அஞ்சு "1906", "அதன் பிறகு"ன்னுதான் ஆரம்பிக்குது. ஜெனிபாக்கா சொன்னதை வச்சுத் தூத்துக்குடிக்கு ஒரு பத்தி, திருநெல்வேலிக்கு ஒரு பத்தின்னு பிரிக்கப் போறேன். ரெண்டையும் எது இணைச்சுதுன்னு மூணாவது பத்தி. அடிக்குறிப்புச் சொற்கள் ஆயிரத்துல சேருமா சேராதா? மேடம் கோடு போட்டப்ப அதையும் எண்ணினாங்களான்னு தெரியல.

சங்கரன்கோவில் சேது

அதைத்தான் எழுத்து மூலமா கேளுங்கன்னு சொன்னேன்.