ரியாத் ஆஸ்பத்திரி வேலை: ஃபுஸ்ஹா படிப்பதா, பேச்சு அரபியா?

புதிதாக வந்த நர்ஸ், ரியாத்
இங்கே வார்டு நர்ஸாகச் சேர்ந்திருக்கிறேன். டாக்டர்களோடு இங்கிலீஷில் சமாளிக்கிறேன், நோயாளிகளோடு முடியவில்லை. வகுப்பில் எழுத்து நடை அரபியான ஃபுஸ்ஹாவைச் சொல்லித் தருகிறார்கள். அதில் படித்தபடி "ஹல் தஷ்உர் பி அலம்?" (வலி இருக்கிறதா?) என்று கேட்டால் அவர்களுக்குப் புரிகிறது. ஆனால் அவர்கள் சொல்லும் பதில் எனக்குப் புரியவில்லை. வலி, மருந்து, சாப்பாடு இந்த மூன்றையாவது சீக்கிரம் பேச வேண்டும். வகுப்பை விட்டுவிடலாமா?

தம்மாம் சூப்பர்வைசர்
வகுப்பெல்லாம் எதற்கு தங்கச்சி? எங்கள் சைட்டில் பாகிஸ்தானி, பங்காளி, மலையாளி எல்லோரும் "மாஃபி மாலூம்", "அனா ரூஹ்", "இந்தா ஜீப்" என்றுதான் பேசுகிறோம். சவுதி முதலாளியும் எங்களோடு அப்படியே பேசுவார். காதில் விழுவதைப் பிடித்துக்கொண்டே போனால் தானாக வந்துவிடும்.

காயல்பட்டினத்துக்காரர், ஜித்தா
முதலில் எழுத்தும் உச்சரிப்பும் சரியாக வேண்டும். நல்ல உஸ்தாதிடம் குர்ஆன் ஓதும் உச்சரிப்பு முறையான தஜ்வீத் படியுங்கள். நான் சின்ன வயதிலேயே மதரஸாவில் ஓதப் படித்தவன், இன்றும் எந்தப் பலகையையும் தடங்கலில்லாமல் வாசிப்பேன். அர்த்தம் எல்லாவற்றுக்கும் தெரியாது, அது வேறு விஷயம்.

மொழிபெயர்ப்பாளர், ரியாத்
காக்கா சொல்வது ஓதுவதற்கான வழி. இவர் கேட்பது நோயாளியின் பதில் புரிவதற்கு.

சிக்கல் எங்கே என்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடம் போன சவுதிக்காரர் யாருக்கும் ஃபுஸ்ஹா புரியும், ஆனால் வலியோடு படுத்திருக்கும்போது யாரும் அதில் பதில் சொல்ல மாட்டார்கள். தலைவலி நேற்றிலிருந்து என்பதைப் பாடப்புத்தகம் "நஅம், ரஃஸீ யுஃலிமுனீ முன்து அம்ஸ்" என்று எழுதும். வார்டில் கேட்பது "ஈ, ராஸி யிஅவ்விர்னி மின் அம்ஸ்". ஆமாம் என்பதே "ஈ" ஆகிவிட்டது. வலிக்கு வேறு வினை, "இருந்து" என்பதற்கு வேறு சொல். மிச்சம் இருப்பது "ராஸி"யும் "அம்ஸ்"ஸும்தான்.

அதனால் காதுக்கும் வாய்க்கும் ரியாத் பேச்சு, கண்ணுக்கு ஃபுஸ்ஹா என்று பிரித்துக்கொள்ளுங்கள். "வேன் யிஅவ்விரிக்?" (எங்கே வலிக்கிறது?), "மின் மிதா?" (எப்போதிலிருந்து?), "அல்ஹீன்" (இப்போது), "வெஷ் தபீன்?" (என்ன வேண்டும்?) இவற்றிலிருந்து தொடங்குங்கள். முதலும் கடைசியும் பெண்ணிடம் கேட்கும் வடிவம். ஆணிடம் "யிஅவ்விரக்", "தபி". ரியாத் இருக்கும் நஜ்த் பகுதியின் வயதான அம்மாக்கள் பெண்ணைப் பார்த்துப் பேசும்போது கடைசி "க்" ஒலியை "ட்ஸ்" ஆக்குவார்கள். "இஸ்மிக்" (உன் பெயர்) அவர்கள் வாயில் "இஸ்மிட்ஸ்". புதுச் சொல் என்று நினைத்துத் திகைக்க வேண்டாம்.

மருந்துச் சீட்டிலும் பலகையிலும் இருப்பது ஃபுஸ்ஹா: "கப்ல் அல்அக்ல்" (சாப்பாட்டுக்கு முன்), "பஅத் அல்அக்ல்" (பின்). முதல் வார்த்தையின் காஃப் எழுத்தைத் தொண்டை அடியிலிருந்து சொல்ல வகுப்பில் பழக்குவார்கள். இங்கே பேச்சில் அது Gandhi-யில் வரும் "கா" மாதிரி ஒலிக்கும். எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் வகுப்பை விட வேண்டாம். வேற்றுமை விகுதிகளை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். "இருக்கிறது" என்று எழுதி "இருக்கு" என்று பேசி வளர்ந்த நமக்கு இந்த இரட்டை நடை புதிதல்ல. 1959-இல் மொழியியலாளர் ஃபெர்குசன் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் அரபியும் ஒரு முக்கிய உதாரணம்.

தம்மாம் அண்ணன் சொல்லும் பேச்சு சைட்டில் வேலையை ஓட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அதில் நான் போனாலும் நீ போனாலும் "அனா ரூஹ், இந்தா ரூஹ்" என்று வினை மாறுவதே இல்லை. வார்டில் "யிஅவ்விர்னி" என்றால் எனக்கு வலிக்கிறது, "யிஅவ்விர்ஹா" என்றால் அவளுக்கு. கூட வந்த மகள் யாருடைய வலியைச் சொல்கிறாள் என்பது அந்தக் கடைசி அசையில்தான் இருக்கிறது.

தம்மாம் சூப்பர்வைசர்
ஆஸ்பத்திரிக்கு அது சரிதான். நான் சைட்டை வைத்துச் சொன்னேன்.

ஷார்ஜா அம்மா
என் மகன் பள்ளியில் அரபி கட்டாயப் பாடம், முழுக்க ஃபுஸ்ஹா. மார்க் நன்றாக வருகிறது, பக்கத்து வீட்டு எமிராத்திப் பையனோடு ஒரு வரி பேச வரவில்லை. தனியாகப் பேச்சு சொல்லிக்கொடுத்தால் தேர்வில் கலந்து எழுதிவிடுவானோ என்று பயம்.

மொழிபெயர்ப்பாளர், ரியாத்
சின்னப் பிள்ளைகள் ஆளைப் பார்த்து நடையை மாற்றிக்கொள்வார்கள் அக்கா. பக்கத்து வீட்டோடு விளையாட விடுங்கள், பாடமாக வேண்டாம்.

புதிதாக வந்த நர்ஸ், ரியாத்
ரொம்ப நன்றி அண்ணா. இன்னும் இரண்டு சந்தேகம். வார்டில் எகிப்து டாக்டர்களும் இருக்கிறார்கள், யூடியூபில் எகிப்துப் பாடங்களும் நிறைய. அதைப் படிக்கலாமா? அப்புறம், சவுதித் தோழிகளின் வாட்ஸாப் செய்தி கண்ணுக்கு வருவதுதான், ஆனால் அது ஃபுஸ்ஹா மாதிரித் தெரியவில்லையே?

மொழிபெயர்ப்பாளர், ரியாத்
அது பேச்சையே எழுத்தில் போடுவது. வாய்விட்டு வாசித்தால் பாதி பிடிபடும். எகிப்து இப்போது வேண்டாம். "இப்போது" என்பதற்கு ரியாத்தில் "அல்ஹீன்", ஜித்தாவில் "தஹ்ஹீன்", கெய்ரோவில் "தில்வஃதி". தொடக்கத்தில் மூன்றும் சேர்ந்தால் எதுவும் நாக்கில் நிற்காது. எகிப்து டாக்டர்களிடம்தான் இங்கிலீஷ் இருக்கிறதே.

காயல்பட்டினத்துக்காரர், ஜித்தா
இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஜித்தாவில் நான் எகிப்து அரபியை வைத்தே பல வருடம் கடை நடத்தினேன், எல்லோருக்கும் புரிந்தது.

மொழிபெயர்ப்பாளர், ரியாத்
நீங்கள் சொன்னது அவர்களுக்குப் புரிந்திருக்கும் காக்கா. வயதான நஜ்திப் பாட்டி ஒருவர் சொல்வது உங்களுக்குப் புரியுமா என்பதைத்தான் இவருக்காகக் கேட்கிறேன்.