புதுப்பிப்பு: உச்சத்தை உயர்த்தியும் பேச்சு தாழ்ந்தே ஒலித்தது ஏன்?

“உச்சம் −1 டெசிபெல்லைத் தொட்டும் என் பாட்காஸ்ட் மற்றவற்றைவிடத் தாழ்வாகவே கேட்கிறது, ஏன்?” என்று முன்பு கேட்டிருந்தேன்.

காரணம் விருந்தினரின் ஒரே ஒரு வெடிச்சிரிப்பு. உச்ச அளவை நிர்ணயித்தது அதுதான். முழு நிகழ்ச்சியின் சராசரி உரப்போ −23 எல்.யு.எஃப்.எஸ். மட்டுமே. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைக்கும் −16 அளவை எட்ட 7 டெசிபெல் கூட்டியிருந்தால், சிரிப்பு 0 என்ற உச்சவரம்பைத் தாண்டி +6-க்கு ஏறிச் சிதைந்திருக்கும்.

“உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரஸரை அழுத்திப் போடுங்கள்” என்றார் ஒரு நண்பர். அளவு எட்டியது, ஆனால் மூச்சொலியும் மின்விசிறி இரைச்சலும் மேலெழுந்தன. ஒலிப்பொறியாளர் ஒருவர் சொன்னபடி, சிரிப்பை மட்டும் கையால் 8 டெசிபெல் தாழ்த்தி, பிறகு மொத்தத்தையும் 7 உயர்த்தினேன். பேச்சின் உச்சங்களும் −9-ஐத் தாண்டாததால், இப்போது எல்லாம் −2-க்குள் நிற்கின்றன, பேச்சும் தெளிவாகவே இருக்கிறது.

மோனோ கோப்புக்கு −19 போதுமா என்று இன்னொருவர் எழுப்பிய கேள்வியில் நண்பரும் ஒலிப்பொறியாளரும் இன்னும் உடன்படவில்லை.