மலாயா கெரில்லாக்கள் ஏன் தோற்றார்கள்? (எல்லைப் பஞ்சாயத்து, மறுபடியும்)

முத்துவேல்72
பக்கத்து இழையில் ஒருவர் ஆப்கானிஸ்தானைக் காட்டி, கெரில்லாவை எந்த வல்லரசாலும் அடக்க முடியாது என்று எழுதியிருந்தார். எரிச்சலாக வந்தது. மலாயாவை மறந்துவிட்டாரா? பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான கம்யூனிஸ்ட் கெரில்லாப் போர் 1948ல் தொடங்கியது, 1952ல் பிரிட்டிஷ் ஹைகமிஷனராக டெம்ப்ளர் வந்தார், மக்கள் மனதை வென்றார், கதை முடிந்தது. அங்கே கெரில்லாவுக்கு ஓடி ஒளிய எல்லை இல்லை. எல்லை இருந்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் சாவான். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

பேராக்காரன்
எல்லை இல்லையா? பெர்லிஸ், கெடா, பேராக், கிளந்தான், இந்த நாலு மாநிலத்துக்கும் வடக்கே இருப்பது என்ன, கடலா? தாய்லாந்து. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங் ஐம்பதுகளின் நடுவிலேயே தலைமையகத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டார். 1989 டிசம்பரில் தாய்லாந்தின் ஹாட்யாயில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் இன்னும் ஆயுதத்தோடுதான் இருந்தார்கள். "கதை முடிந்தது" என்று நீங்கள் சொன்ன பிறகு முப்பது வருஷத்துக்கு மேல்.

அவர்களை மலாயாவுக்குள் முறித்தது அரிசி. டெம்ப்ளர் படத்தை மாட்டி வைத்திருப்பவர்களுக்கு அது பிடிக்காது.

முத்துவேல்72
தாய்லாந்து எல்லை எல்லாம் ஒரு எல்லையா? அங்கிருந்து ஒரு துப்பாக்கியாவது வந்ததா? வியட்நாமுக்குச் சீன எல்லை, தலிபானுக்குப் பாகிஸ்தான் எல்லை. அதுதான் எல்லை.

பேராக்காரன்
முதலில் "எல்லை இல்லை". இப்போது "நல்ல எல்லை இல்லை". அடுத்த பதிவில் என்னவோ!

தாய்லாந்து ஆயுதம் தரவில்லை, சரி. மலாயா போலீஸோடு ஒத்துழைத்தது, அதுவும் சரி. ஆனால் நீங்கள் கேட்டது ஆயுதம் பற்றியா, பிழைப்பது பற்றியா? பிழைக்க அந்த எல்லை போதுமாக இருந்தது, பிழைத்தார்கள். ஜெயிக்கத்தான் முடியவில்லை. அதற்குக் காரணம் எல்லைக்குத் தெற்கே, ரப்பர் தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது.

செங்கொடி
ரெண்டு பேரும் வசதியாக ஒன்றை விட்டுவிட்டீர்கள். 1948 டிசம்பரில் பத்தாங் காலி கிராமத்தில் பிரிட்டிஷ் படை 24 பேரைச் சுட்டதே, அதுவும் மனதை வென்றதில் சேர்த்தியா? தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மே மாதம் தூக்கில் போட்டார்கள். நேரு அரசு கேட்டும் கேட்கவில்லை. சங்கத்தை முதலில் நசுக்கிவிட்டு, அப்புறம் காட்டுக்குள் தேடப் போனார்கள். அரசியலைப் பேசாமல் அரிசியைப் பேசுகிறவர்களுக்கு மளிகைக்கடைதான் சரி.

பேராக்காரன்
தோழரே, கணபதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அரிசிதான் அங்கே அரசியல். மளிகைக்கடை என்றீர்களே, அந்தக் கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

காட்டில் இருந்தவர்கள் உச்சத்தில் எட்டாயிரம் பேர் சுமார். அவர்களுக்குச் சோறு, மருந்து, பணம், செய்தி எல்லாம் கொடுத்தது மின் யுவென், அதாவது காட்டோரக் குடியிருப்புகளில் சாதாரண ஆட்களாக இருந்த ஆதரவாளர்கள். பட்டா இல்லாமல் அங்கே பயிர் வைத்திருந்த சீனக் குடும்பங்கள்தான் அதற்கு அடித்தளம். 1950ல் பிரிட்டிஷ் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டம் அவர்களை அள்ளியது. சுமார் 5 லட்சம் பேர், நானூறுக்கும் மேற்பட்ட புதுக்கிராமங்கள், முள்வேலி, வாசலில் போலீஸ். தோட்ட லயங்களையும் ஒரே இடமாகக் குவித்து வேலி போட்டார்கள். நம் ஆட்கள் வேலிக்குள் வந்தது அப்படித்தான். டெம்ப்ளர் வருவதற்கு முன்னாலேயே இதில் பெரும்பகுதி நடந்துவிட்டது.

இப்போது கணக்கு. காட்டில் முப்பது பேர் கொண்ட ஒரு குழு. ஆளுக்கு நாளைக்கு அரைக் கிலோ அரிசி. நாளைக்குப் 15 கிலோ. வேலி இல்லாத காலத்தில் ரெண்டு சைக்கிள் போதும், யாரும் பார்க்கமாட்டார்கள். வேலி வந்த பிறகு வாசலில் சோதனை. ஒரு ஆள் சைக்கிள் குழாயிலோ துணிக்குள்ளோ 200 கிராம் கடத்தலாம் என்று வையுங்கள். 15 கிலோவுக்கு 75 பேர், தினமும். 75 பேர் தெரிந்த ரகசியம் ரகசியமா? யாராவது ஒருவர் மாட்டுவார், அவர் வழியாக அடுத்தவர். பசியால் செத்தவர்களைவிட இந்தச் சங்கிலியால் பிடிபட்டவர்கள் அதிகம்.

வன்னிமேடு
ஈழத்திலும் இதுதான் நடந்தது. 2007ல புலிகளின்ட கப்பல்களை நடுக்கடலில அடிச்ச பிறகுதான் எல்லாம் மாறினது. எல்லை இல்லாத இயக்கத்துக்குக் கடல்தான் எல்லை. முத்துவேல் அண்ணை சொல்றது சரி.

முத்துவேல்72
நன்றி. பார்த்தீர்களா பேராக்காரரே? எல்லை.

பேராக்காரன்
வன்னிமேடு ஐயா, புலிகள் 2007ல் நிலம் பிடித்து, படைப்பிரிவு வைத்து, முன்னரங்கு அமைத்துச் சண்டை போட்டவர்கள். அதற்குப் பீரங்கிக் குண்டு வேண்டும், அது கப்பலில்தான் வரும். மலாயாக் காட்டில் இருந்தவர்கள் கையில் ஜப்பான் யுத்தம் விட்டுப்போன துப்பாக்கி. அவர்களுக்குப் பெரிய தட்டுப்பாடு சோறு. ரெண்டும் வேறு நோய், ஒரே மருந்துச்சீட்டு எழுதாதீர்கள்.

வன்னிமேடு
நான் எழுதினது விநியோகத்தைப் பற்றி. உங்களுக்குப் புலிகள் எண்டாலே ஒரு எரிச்சல். போன வருசமும் பாத்தனான்.

நெறியாளர்
ஈழத்துக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போங்கள்.

கணக்குப்பிள்ளை
ஒரு சந்தேகம். அரிசியை நிறுத்தினால் காட்டிலேயே மரவள்ளி போடமாட்டானா? சர்க்கரைவள்ளி போடமாட்டானா? அரிசி அரிசி என்று ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்?

பேராக்காரன்
போட்டார்கள். நல்ல கேள்வி, இங்கே அபூர்வம். காட்டை வெட்டிப் பாத்தி போட்டால் மேலே பறக்கும் விமானத்துக்குப் பளிச்சென்று தெரியும், அதுவும் வரிசையாக நட்டால். கண்டுபிடித்தால் படை அனுப்பினார்கள், சில இடங்களில் பயிர்க்கொல்லி மருந்து தெளித்தார்கள். அப்புறம் கெரில்லாக்கள் பூர்வகுடியினரிடம் போனார்கள். அரசு 1953 முதல் காட்டுக்குள் கோட்டைகள் கட்டி, மருத்துவமும் கடையும் வைத்து அந்த வழியையும் சுருக்கியது. இதையெல்லாம் விட முக்கியமான விஷயம், தோட்டம் போடுகிறவனுக்குச் சண்டை போட நேரமில்லை. கிழங்கு முற்றும் வரை ஒரே இடத்தில் காத்திருக்க வேண்டும். நகர்ந்துகொண்டே இருப்பதுதான் பலவீனமானவனின் முதல் பாதுகாப்பு, கிழங்குக்குக் காவல் இருப்பவன் அதை இழக்கிறான்.

அரிசிக்கு இன்னொரு காரணமும் உண்டு. மலாயா தன் தேவையில் கணிசமான பகுதியைக் கப்பலில் வரவழைத்தது. துறைமுகம், கிடங்கு, கடை, பங்கீட்டு அட்டை என்று எண்ணக்கூடிய வாசல்கள். மேகாங் டெல்டாவில் ஒவ்வொரு வயலும் ஒரு கிடங்கு. அங்கே இந்த வித்தை பலிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

முத்துவேல்72
மேகாங் டெல்டாவில் பலிக்காததற்குக் காரணம் எல்லை. கம்போடியா எல்லை பக்கத்தில்.

பேராக்காரன்
ஐயா, உங்களுக்குப் பல்வலி வந்தாலும் எல்லைதான் காரணம் போல.

1962ல் சைகோன் அரசு தொடங்கிய வேலிக்கிராமத் திட்டத்தைப் பாருங்கள். ரெண்டு வருஷத்துக்குள் ஆயிரக்கணக்கில் கட்டியதாகக் கணக்குக் காட்டினார்கள். மலாயாவில் பட்டா இல்லாதவனுக்கு மனை கிடைத்தது, அதனால் அவனுக்குக் கொஞ்சமாவது லாபம். வியட்நாமில் தாத்தன் புதைந்த மண்ணிலிருந்து விவசாயியைக் கிளப்பினார்கள், சில இடங்களில் அவனையே இலவசமாக வேலி கட்ட வைத்தார்கள். வேலிக்குள் யாரைச் சேர்த்தோம் என்ற பட்டியலே சரியில்லை, எதிரியின் ஆளும் உள்ளேயே. திட்டத்தின் மேற்பார்வையில் இருந்த அதிகாரிகளில் ஒருவரான பாம் நொக் தாவ் என்பவரே கம்யூனிஸ்ட் உளவாளி. அதற்குக் கம்போடியா எல்லை எதற்கு?

செங்கொடி
வேலி அடைத்து வைத்ததை "கொஞ்சமாவது லாபம்" என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? பால்மரம் சீவப் போகிறவன் கையில் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு போய், வேலை முடிந்து வேலிக்குள் திரும்பி வந்துதான் சாப்பாடு. அதைச் சொல்லுங்கள்.

பேராக்காரன்
சொல்கிறேன், அதுதான் திட்டத்தின் பலவீனமும். பெரட்டு, அதாவது தோட்டத்தில் ஆள் எண்ணும் வரிசை, விடியும் முன்னே. பால் காலைக் குளிர்ச்சியில்தான் ஓடும், தாமதித்தால் நாள் கூலி போச்சு. ஒரே வாசல், நூற்றுக்கணக்கில் வரிசை, சோதனை போட ஒரு மணி நேரம். அவசரத்தில் காவலர் மேலோட்டமாகத் தட்டிப் பார்த்து விட்டுவிடுவார், அல்லது காசு வாங்கிக்கொள்வார். வேலி நல்ல வேலியா என்று அறிய அதன் உயரத்தைப் பார்ப்பதில் அர்த்தமில்லை. இரவில் விளக்கு எரிகிறதா, சுற்றி வரும் ஆள் வருகிறாரா, கடையில் விற்ற அரிசியும் குடும்ப அட்டையும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாத இடத்தில் ஓட்டை.

அதற்காகத்தான் சில பகுதிகளில் 1956 வாக்கில் வேகாத அரிசி விற்பதையே நிறுத்தி, பொதுச் சமையற்கூடத்தில் வெந்த சோறாகக் கொடுத்தார்கள். அந்த வெக்கையில் சோறு ஒரு நாளுக்கு மேல் நிற்காது, புளித்துவிடும். டின் உணவு விற்றால் கடைக்காரர் அங்கேயே துளை போட்டுக் கொடுக்க வேண்டும். காட்டுக்குள் சேமித்து வைக்க எதுவும் போகாது.

பெரிய தவறு எங்கே நடக்கும் தெரியுமா? அரிசி கொண்டுபோகிறவனை முதல் நாளே சுட்டுவிடுவது. பட்டாளத்துக்குக் கணக்கில் ஒரு தலை. போலீஸ் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்சுக்கு ஒரு வருஷ வேலை நாசம். அந்த ஆளை விட்டுப்பிடித்து, தன் பக்கம் திருப்பி, எங்கே எப்போது கொடுக்கிறான் என்று தெரிந்துகொண்டு பதுங்கினால்தான் குழுவே சிக்கும். ஒரு மாவட்டத்தில் எல்லாக் கிராமத்தையும் இறுக்கி, ஒன்றை மட்டும் வேண்டுமென்றே தளர்வாக விடுவார்கள். பசித்தவன் அங்கேதான் வருவான். எங்கே, எப்போது மோதுவது என்று தீர்மானிக்கும் உரிமை அதுவரை அவனிடம் இருந்தது, அந்த இடத்தில்தான் கைமாறுகிறது.

முத்துவேல்72
இவ்வளவு எழுதியும் என் கேள்விக்குப் பதில் இல்லை. சீனாவோடு மலாயாவுக்கு எல்லை இருந்திருந்தால் இந்த வேலி எல்லாம் வேலை செய்திருக்குமா? ஆமா, இல்லையா?

பேராக்காரன்
அல்ஜீரியாவுக்குத் துனிசியா எல்லை இருந்தது. பிரான்ஸ் 1957ல் அங்கே மின்வேலி போட்டது, 5,000 வோல்ட், கண்ணிவெடி, ரேடார். உடைத்து நுழைய முயன்றவர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். எல்லை ஏறக்குறைய மூடப்பட்டது, உள்ளே இருந்த குழுக்கள் நொறுங்கின. 1962ல் யார் வெளியேறினார்கள்? பிரான்ஸ். எல்லை மூடினால் கெரில்லா சாவான் என்ற உங்கள் சூத்திரத்தை அங்கே பொருத்துங்கள்.

செங்கொடி
அப்படியானால் அரிசிச் சூத்திரத்தையும் அங்கே பொருத்துங்கள்! பிரான்ஸும் இருபது லட்சம் பேரை முகாமில் அடைத்ததே, ஏன் தோற்றது? நான் முதலிலேயே சொன்னேன், அரசியல். மலாயாவில் 1957 ஆகஸ்ட் 31ல் சுதந்திரம் கொடுத்தார்கள். எதற்காகச் சண்டை என்று கேட்டால் சொல்ல எதுவும் மிச்சமில்லை. பிரான்ஸ் கொடுக்க மறுத்தது.

பேராக்காரன்
அரசோடு நடந்த பாலிங் பேச்சுவார்த்தை 1955 டிசம்பர். சின் பெங்கே காட்டிலிருந்து இறங்கி வந்தார். அதற்குள் அவர் பக்கம் மூவாயிரம் பேருக்குக் குறைவு. சுதந்திரம் வருவதற்கு முன்னாலேயே ஒடிந்துவிட்டார்கள். ஒடிந்ததால்தான் இறங்கினார்.

செங்கொடி
சுதந்திரம் வரப்போகிறது என்று அதற்குள் எல்லோருக்கும் தெரியும். பிறகு பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான் தேர்தலில் ஜெயித்தது அதே 1955 ஜூலையில். தேதியை அரைகுறையாகப் போடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை
மரவள்ளி முற்ற எட்டு மாசமாவது ஆகும். சர்க்கரைவள்ளி நாலு மாசம். சர்க்கரைவள்ளி போட்டிருக்கலாமே?

முத்துவேல்72
துனிசியாவில் உட்கார்ந்திருந்த அல்ஜீரியப் படை சாகவில்லையே. அது எதனால்? எல்லையால்.

பேராக்காரன்
சாகவில்லை, உள்ளேயும் வரவில்லை. சின் பெங்கின் ஆட்களும் தாய்லாந்துப் பக்கத்துப் பெத்தோங்கில் அதேதான். இதைத்தான் மேலே ரெண்டாவது பதிவிலேயே எழுதினேன், படித்துவிட்டு வாருங்கள்.

முத்துவேல்72
படித்தேன். எல்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.