புதுப்பிப்பு: ஒரே லோடுக்கு இரண்டு லாரி பில்

நான் கேட்டது: "பில் நம்பர் வேற, தொகை ஒண்ணு. டூப்ளிகேட்டா?"

ஆமாம், டூப்ளிகேட்தான். பில் எண்ணை ஒப்பிடச் சொன்னவர் பாதி சரி; திரும்பப் போடும் பில்லுக்குப் புது எண் வந்துவிடுகிறது. எல்.ஆர்., அதாவது லாரி ரசீது எண்ணைப் பாருங்கள் என்ற அண்ணன் சொன்னதுதான் பலித்தது. 4521, 4521/A இரண்டும் ஒரே லோடு. A-யில் எல்.ஆர். எண்ணைப் போட்டு அந்த வாலை வெட்டியதும் மாட்டியது:

```
B2: =TEXTBEFORE(A2&"/","/")
C2: =COUNTIF(B:B,B2)
```

C-யில் 2 வந்தால் இரண்டு பில்லையும் நிறுத்தி, பிஓடி, அதாவது சரக்கு சேர்ந்த அத்தாட்சி, ஒன்றா இரண்டா என்று பார்க்க வேண்டும்.

அதே பில்லில் ஹால்டிங் 2 நாள். பிஓடி கேட் முத்திரைப்படி லாரி நின்றது 26 மணி நேரம். ஒப்பந்தத்தில் 24 மணி இலவசம். மிஞ்சும் 2 மணிக்கு ஒரு நாள் வாடகையா? ஒப்பந்தம் வாய் திறக்கவில்லை, இழுபறி தொடர்கிறது. ஒப்புதல் மெயிலும் இல்லாததால் அந்தத் தொகையை மட்டும் பிடித்துவைத்து, மீதி கொடுத்தாயிற்று.

கூரியர் பில் கேட்ட தம்பி, அங்கே பெட்டி அளவை வைத்து எடை போடுவார்கள்; தனி இழை போடுங்கள்.