அப்டேட்டட் ரிட்டர்ன்: 50 சதவீதக் கூடுதல் வரி எந்தத் தொகையின் மீது?

மதுரையில் ஆசிரியையாக இருக்கும் என் அக்காவின் 2022-23 நிதியாண்டுக் கணக்கில், 1,20,000 ரூபாய் வைப்புநிதி வட்டியைச் சேர்க்காமலேயே ரிட்டர்ன் தாக்கலாகியிருக்கிறது. பழைய வரிமுறை, 20 சதவீத வரம்பு. செஸ்ஸுடன் வரி 24,960 ரூபாய். வங்கி பிடித்த டிடிஎஸ் 12,000 ரூபாய் வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-ஸில் தெரிகிறது, ஆனால் முந்தைய ரிட்டர்னில் கோரப்படவில்லை.

திருத்த ரிட்டர்னுக்கான கெடு 2023 டிசம்பர் 31-லேயே முடிந்துவிட்டதால், போர்ட்டலில் அந்த வழி திறக்கவில்லை. நோட்டீஸ் எதுவும் வரவில்லை, ரீஃபண்டும் கேட்கவில்லை. ஆகவே 139(8A) பிரிவில் அப்டேட்டட் ரிட்டர்னான ITR-U தாக்கல் செய்யத் தடை இருப்பதாகத் தோன்றவில்லை. 2026 மார்ச் 31 தாண்டினால் கூடுதல் வரி 60 சதவீதமாகிவிடும்.

பக்கத்து ஆடிட்டர் அலுவலகத்தில் முழு 24,960-க்கும் 50 சதவீதக் கூடுதல் வரி கணக்கிட்டுத் தந்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

டிடிஎஸ் கழித்த மீதி 12,960 ரூபாயுடன், முன்கூட்டிய வரி கட்டாததற்கான 234B வட்டியைச் சேர்த்து, அந்தத் தொகைக்கு மட்டும் 50 சதவீதம் கட்டினால் போதுமா?