புதுப்பிப்பு: அரிக்கமேடு விரிவுரையின் வசனக் கோப்பு

முன்பு நான் கேட்டது: "விரிவுரைக் காணொளியின் தானியங்கி வசனக் கோப்பில் ஒவ்வொரு வரியும் மும்முறை வருகிறது. நிறுத்தக்குறி இல்லை, பேசுபவர் யாரென்றும் தெரியவில்லை. இதை எப்படிப் பத்தியாக்குவது?"

ஏற்கெனவே வந்த வரி எங்கே மீண்டும் வந்தாலும் நீக்கிவிடுங்கள் என்றார் புதுச்சேரி நண்பர். செய்தேன். பேராசிரியர் பத்து நிமிடம் கழித்து உண்மையாகவே திரும்பச் சொன்ன வரிகளும் போய்விட்டன. கடலூர் அக்காதான் காரணத்தைச் சொன்னார்: திரையில் வரி மேலே நகர்வதற்காகப் பழைய வரி அடுத்த துண்டிலும் எழுதப்படுகிறது. எனவே அடுத்தடுத்து நிற்கும் நகல்களை மட்டும் நீக்கினால் போதும்.

```
sed -E '/-->/d; s/<[^>]*>//g; /^ *$/d' urai.vtt | uniq > urai.txt
```

`WEBVTT` தொடங்கும் தலைப்பு வரிகளைக் கையால் அழித்தேன். மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள். நேரக்குறிகள் அதில்தான் இருக்கின்றன. பேச்சாளர் மாறும் இடத்தைக் கேட்டுப் பார்க்க அவை வேண்டும். எனக்குக் கிடைத்த வரி இது:

"வீலர் எப்போது அகழ்ந்தார் 1945ல் அப்போது ரோமானியப் பானை கிடைத்ததா கிடைத்தது"

ஒருவரே பேசுவதாக நினைத்திருந்தேன். கேட்டபோது இருவர்:

மாணவி: வீலர் எப்போது அகழ்ந்தார்?
பேராசிரியர்: 1945ல்.
மாணவி: அப்போது ரோமானியப் பானை கிடைத்ததா?
பேராசிரியர்: கிடைத்தது.

பிரெஞ்சு மொழிபெயர்ப்பை எப்போது தொடங்கலாம் என்று கேட்ட தம்பிக்கு: நிறுத்தக்குறி இட்ட பிறகு தொடங்குங்கள். இருவர் ஒரே நேரத்தில் பேசிய மூன்று இடங்கள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அங்கே [தெளிவில்லை] என்று எழுதி வைத்திருக்கிறேன்.